சில்லறை கிடையாது, பாக்கெட்தான்: பொத்தான் வைத்து வேதிச் சமன்பாடு கற்பிப்பது

கேள்வி: "அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். சமன்பாட்டைச் சமன்படுத்தச் சொன்னால் பாதிப் பிள்ளைகள் H₂O-வை H₂O₂ ஆக்கிவிட்டு 'சரியா வந்துருச்சு மிஸ்' என்கிறார்கள். விதிகளைப் பலகையில் எழுதிப்போட்டும் பயனில்லை. பொத்தான், விதை இப்படி ஏதாவது வைத்துச் சொல்லிக்கொடுங்கள் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். நிஜமாகவே பலன் உண்டா? உண்டென்றால் வகுப்பில் எப்படி நடத்துவது?"

பலன் உண்டு. ஆனால் அது பொத்தானால் வருவதில்லை, பொத்தானோடு சேர்த்து வைக்கும் ஒரு கட்டுப்பாட்டால் வருகிறது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல்முறை வகுப்புக்குப் பொத்தான் கொண்டுபோன வருடம், பிள்ளைகள் ஆசையாக எண்ணினார்கள், ஆக்சிஜனுக்கு வைத்த சிவப்பு இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் ஒன்று என்று கண்டுபிடித்தார்கள், உடனே டப்பாவிலிருந்து ஒரு சிவப்புப் பொத்தானை எடுத்து வலப்பக்கத் தண்ணீரின் மேல் வைத்துவிட்டார்கள். நோட்டில் H₂O₂ என்று எழுதியதையே இப்போது பொத்தானில் செய்துகாட்டினார்கள், அவ்வளவுதான். அதைத் தடுக்கப் பொத்தானில் ஒன்றுமே இல்லையே.

பிள்ளையின் இடத்திலிருந்து பார்த்தால் அது முட்டாள்தனமான தவறும் அல்ல. இரண்டு பக்கமும் சமமாக்கு என்றோம். எங்கே எண் குறைகிறதோ அதற்கு மிகப் பக்கத்தில் எண்ணைப் போட்டான். சமன்பாட்டில் இரண்டு வகை எண்கள் இருப்பதையும், அவற்றில் ஒன்றைத்தான் நாம் தொடலாம் என்பதையும் அவன் வாயால் சொல்வான். ஆனால் ஏன் என்று கேட்டால் "நீங்கதான் சார் சொன்னீங்க" என்பான். நான் வகுப்பில் அடியில் வரும் சின்ன எண்ணை 'அடி எண்' என்றும், முன்னால் நிற்கும் பெரிய எண்ணை 'முன் எண்' என்றும் சொல்வேன். கணிதப் புத்தகத்தில் கெழு என்று வருவதுதான் முன் எண். அடி எண் அந்தப் பொருள் இன்னதென்று சொல்கிறது, முன் எண் அந்தப் பொருள் எத்தனை என்று சொல்கிறது. பொத்தான் வைத்துக் கற்பிப்பதன் வேலை முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டைக் கைக்குப் புரியவைப்பதுதான்.

இதற்கு நான் பிடித்துக்கொண்டது மளிகைக்கடை. பிஸ்கட் நான்கு வேண்டும் என்றால் கடைக்காரர் பாக்கெட்டைப் பிரித்து நான்கு எடுத்துத் தரமாட்டார். பாக்கெட்டாகத்தான் வாங்கவேண்டும், மிச்சம் வந்தால் அது நம் கவலை. ஆக்சிஜன் கடையில் O₂ பாக்கெட்தான் விற்கும், ஒற்றை O கிடைக்காது. ஹைட்ரஜனும் ஜோடிதான். இந்த ஒரு விதியைக் கறாராக வைத்தால், தவறு செய்ய நினைக்கும் பிள்ளையின் கை தானாகவே நின்றுவிடும். வலப்பக்கத்துக்கு ஒரு சிவப்பு குறைகிறதா? கடைக்குப் போ, பாக்கெட்டாக வாங்கு. சில்லறை கிடையாது.

சாமான் பெரிதாக ஒன்றும் வேண்டாம். தையல்கடைக்குப் போனால் சட்டைப் பொத்தான் நிறம் நிறமாகக் கிடைக்கும். கார்பனுக்குக் கறுப்பு, ஹைட்ரஜனுக்கு வெள்ளை, ஆக்சிஜனுக்குச் சிவப்பு, நைட்ரஜனுக்கு நீலம். கடையில் விற்கும் மூலக்கூறு மாதிரிகளிலும் இதே நிறங்கள்தான் வழக்கம் என்பதால் பின்னால் குழப்பம் வராது. நான்கு பேருக்கு ஒரு டப்பா: கறுப்பு 4, வெள்ளை 12, சிவப்பு 14, நீலம் 4. இது தேவைக்கு மேலேயே இருக்கும், இருக்கவும் வேண்டும். ஒருமுறை கணக்குக்கு எத்தனை வேண்டுமோ அத்தனையே போட்டு அனுப்பினேன். பிள்ளைகள் வினையைப் பார்க்காமல் டப்பாவை எண்ணி விடை சொல்லிவிட்டார்கள். இன்னொன்று, தின்னும் பொருள் வேண்டாம். ஹைட்ரஜனுக்குப் பொட்டுக்கடலை வைத்த வருடம் மூன்றாவது பாடவேளைக்குள் நிறை மாறா விதி என் வகுப்பில் மாறிப்போயிற்று.

பொத்தானோடு கையகல ஜிப் கவர் ஒரு எட்டு, சார்ட் பேப்பரில் வெட்டிய சீட்டுகள் ஒரு பத்து. கவர் வினைபடுபொருளுக்கு, சீட்டு வினைவிளைபொருளுக்கு. சீட்டில் அந்த மூலக்கூறுக்கு வேண்டிய வட்டங்களை வரைந்து வைத்துவிடுங்கள்: H₂O சீட்டில் இரண்டு வெள்ளை வட்டம், ஒரு சிவப்பு வட்டம். வட்டம் எல்லாம் நிரம்பினால்தான் சீட்டு செல்லும், வட்டத்துக்கு வெளியே பொத்தான் வைத்தால் செல்லாது. வலப்பக்கத்தில் அடி எண்ணைத் தொடமுடியாமல் செய்வது இந்த வட்டங்கள்தான்.

குழுவில் நால்வருக்கும் வேலை உண்டு. ஒருவர் கடைக்காரர், வாய்ப்பாட்டைப் படித்துக் கவரில் பொத்தானைப் போட்டு விற்பவர். ஒருவர் கவரைப் பிரித்துச் சீட்டில் அடுக்குபவர். ஒருவர் கணக்குப்பிள்ளை, நோட்டில் எண்ணிக்கை எழுதுபவர். நான்காமவர் சரிபார்ப்பவர், வேலை முடியும்வரை வாயைத் திறக்கக்கூடாது. ஒவ்வொரு கணக்குக்கும் வேலையை மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் நன்றாகப் படிக்கும் பிள்ளை நான்கு வேலையையும் தானே செய்துவிடும்.

முதல் பாடவேளையில் ஒரே ஒரு வினை போதும், தண்ணீர் உருவாவது. கடைக்காரர் ஒரு H₂ கவரும் ஒரு O₂ கவரும் தருகிறார். கவரைப் பிரித்து முதல் சீட்டில் அடுக்கினால் சீட்டு நிரம்புகிறது, ஒரு சிவப்பு மிச்சம். இங்கேதான் நீங்கள் சும்மா இருக்கவேண்டும். கொஞ்ச நேரம் சத்தமாக இருக்கும். "அதை டப்பால போட்ரு" என்று ஒருவன் சொல்வான். பிரித்த பொருளைக் கடையில் திரும்ப வாங்கமாட்டார்கள் என்று சொல்லுங்கள். அப்புறம் யாராவது இரண்டாவது தண்ணீர்ச் சீட்டை எடுத்து அந்தச் சிவப்பை அதில் வைப்பார்கள். இப்போது இரண்டு வெள்ளை வேண்டும், கடையில் இன்னொரு H₂ கவர். மிச்சம் இல்லை. எத்தனை கவர் வாங்கினாய்? H₂ இரண்டு, O₂ ஒன்று. எத்தனை சீட்டு ஆயிற்று? இரண்டு. அதை மட்டும் எழுதச் சொல்லுங்கள்:

2H₂ + O₂ → 2H₂O

முன் எண் என்பது கவர்களின் எண்ணிக்கை, சீட்டுகளின் எண்ணிக்கை. இதை நீங்கள் சொல்லவேண்டிய அவசியமே இருக்காது. வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது H₂O₂ பற்றிப் பேசலாம். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ஒவ்வொரு கவர் வாங்கி H₂O₂ சீட்டு ஒன்று வைத்தால் கணக்கு சரியாகத்தான் வரும். ஆனால் அது ஹைட்ரஜன் பெராக்சைடு, காயம் துடைக்கவும் வெளுக்கவும் பயன்படுவது. தாகத்துக்குக் கேட்டவனுக்கு அதை ஒரு டம்ளர் கொடுக்கமுடியுமா என்று கேட்டால் போதும். எண்ணிக்கை சரியாக வருவதும் சமன்பாடு சரியாக இருப்பதும் ஒன்றல்ல என்பது அங்கேயே பதிந்துவிடும்.

அடுத்த நாள் வகுப்பைத் தொடங்குமுன் ஒரு சின்னச் சோதனை வையுங்கள்: 3H₂ என்பதைப் படமாக வரை. ஒட்டிய ஜோடிகள் மூன்று வரவேண்டும். ஆறு வட்டத்தைச் சங்கிலி மாதிரி ஒட்டி வரையும் பிள்ளைகள் நிச்சயம் இருப்பார்கள், அதில் தேர்வில் நன்றாக மதிப்பெண் வாங்குபவர்களும் இருப்பார்கள். இது நம்மூர் விஷயம் மட்டும் அல்ல. 1985இல் யாரோக் என்ற அமெரிக்க ஆய்வாளர் மேல்நிலைப்பள்ளி மாணவர்களை உட்காரவைத்து இதையே பார்த்தார். சமன்பாட்டைப் பிழையில்லாமல் சமன்படுத்தியவர்களிலேயே பலருக்கு N₂ + 3H₂ → 2NH₃ என்பதைப் படமாகச் சரியாக வரையத் தெரியவில்லை. விடை சரி என்பதால் புரிந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்ளக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். சங்கிலி வரைபவரைக் கடைக்காரராக உட்காரவைத்து அம்மோனியா வினையை நடத்தச் சொல்லுங்கள். மூன்று தனித்தனிக் கவரில் போட்டு நீட்டிய பிறகு சங்கிலி வரைவது பெரும்பாலும் நின்றுவிடும்.

பொத்தான் மட்டுமே வைத்துக்கொண்டிருந்தால் பிள்ளைகள் தட்டுத்தடுமாறி விடைக்கு வருவார்கள், ஆனால் தேர்வறையில் பொத்தான் இருக்காது. அதனால் இரண்டாம் பாடவேளையிலிருந்தே கணக்குப்பிள்ளையின் நோட்டு முக்கியமாகிறது. என் வகுப்பில் பலகையின் ஓரத்தில் நான்கு சொல் எழுதியிருக்கும்: பூட்டு, எண்ணு, வாங்கு, திரும்ப எண்ணு. பூட்டு என்றால், வாய்ப்பாடுகளை எழுதி, இணைதிறன் பார்த்துச் சரி என்று உறுதி செய்ததும் ஒவ்வொன்றையும் சுற்றிப் பென்சிலால் கட்டம் போட்டுவிடுவது. அதன்பின் கட்டத்துக்குள் எதையும் எழுதக்கூடாது, கட்டத்துக்கு முன்னால்தான் எழுதலாம். பென்சில் கட்டம்தான் நோட்டில் இருக்கும் ஜிப் கவர். எண்ணு என்றால், தனிமங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி இடம் எத்தனை, வலம் எத்தனை என்று வரவு செலவு மாதிரி எழுதுவது. வாங்கு என்றால் ஒரே ஒரு முன் எண்ணை மாற்றுவது. ஒரே ஒன்று, ஒரே நேரத்தில் இரண்டை அல்ல. திரும்ப எண்ணு என்றால், அந்த மாற்றத்தால் தொடப்பட்ட எல்லாத் தனிமங்களின் எண்ணிக்கையையும் அடித்துவிட்டுப் புதிதாக எழுதுவது.

புரொப்பேன் எரிவதை எடுத்துக்கொள்ளலாம். வீட்டுச் சமையல் எரிவாயுவில் இருப்பது பெரும்பாலும் புரொப்பேனும் பியூட்டேனும்தான், அதனால் பிள்ளைகளுக்கு அந்நியமாக இருக்காது. C₃H₈ + O₂ → CO₂ + H₂O என்று எழுதி நான்குக்கும் கட்டம் போட்டாயிற்று. எண்ணினால் கார்பன் 3, 1. ஹைட்ரஜன் 8, 2. ஆக்சிஜன் 2, 3. இப்போது எதைத் தொடுவது? பெரும்பாலான பிள்ளைகள் ஆக்சிஜனில் கை வைப்பார்கள், வித்தியாசம் ஒன்றுதானே என்று. ஒருமுறை அப்படியே போகவிடுங்கள். O₂-க்கு முன் 3, தண்ணீருக்கு முன் 4 என்று போட்டு ஆக்சிஜனை 6, 6 ஆக்குவார்கள். ஹைட்ரஜனும் 8, 8 என்று பொருந்திவிடும், முகம் மலரும். கார்பன் மட்டும் 3, 1. சரி, CO₂-க்கு முன் 3. உடனே ஆக்சிஜன் வலப்பக்கம் 10 ஆகிவிடும், கட்டிய கணக்கு இடிந்துவிடும்.

இங்கேதான் 'தனியாக இருப்பதைக் கடைசியில் பார்' என்ற விதிக்குக் காரணம் தெரிகிறது. ஆக்சிஜன் வலப்பக்கத்தில் இரண்டு பொருளில் இருக்கிறது, ஆகவே அந்த இரண்டில் எதைத் தொட்டாலும் அதன் எண்ணிக்கை மாறும். இடப்பக்கத்திலோ அது O₂ என்று தனியாக இருக்கிறது, எத்தனை பாக்கெட் வாங்கினாலும் வேறு யார் கணக்கும் கெடாது. எனவே மற்றவர் கணக்கையெல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் ஆக்சிஜன் கடைக்குப் போனால் போதும். கார்பன் 3, ஆகவே மூன்று CO₂ சீட்டு. ஹைட்ரஜன் 8, ஆகவே நான்கு H₂O சீட்டு. இப்போது சீட்டுகளில் காலியாக இருக்கும் சிவப்பு வட்டங்களை எண்ணச் சொல்லுங்கள்: CO₂ சீட்டுகளில் 6, தண்ணீர்ச் சீட்டுகளில் 4, மொத்தம் 10. ஜோடியாகத்தான் விற்பார்கள் என்றால் ஐந்து பாக்கெட்.

C₃H₈ + 5O₂ → 3CO₂ + 4H₂O

மேசையில் இருப்பது 21 பொத்தான். கவர்களில் இருந்த அதே 21தான் இப்போது சீட்டுகளில் இருக்கிறது, டப்பாவிலிருந்து சில்லறையாக ஒன்றும் வரவில்லை, டப்பாவுக்கு ஒன்றும் திரும்பிப் போகவில்லை. நிறை மாறா விதிக்கு இதைவிடக் கிட்டத்தில் ஒரு காட்சியை வகுப்பறையில் நான் பார்த்ததில்லை.

புரொப்பேன் முடிந்த கையோடு பியூட்டேனைப் பொத்தான் இல்லாமல் நோட்டில் மட்டும் கொடுங்கள். பொத்தானில் செய்தால் 54 வேண்டும், மேசையே நிரம்பிவிடும். C₄H₁₀-க்கு நான்கு CO₂, ஐந்து H₂O. வேண்டிய ஆக்சிஜன் 8 + 5, அதாவது 13. ஜோடியாக விற்கும் கடையில் 13 எப்படி வாங்குவது? சிலர் 6½ என்று எழுதுவார்கள். அது கணக்கில் தவறல்ல, மேல்வகுப்புகளில் அப்படி எழுதுவதும் உண்டு. ஆனால் நம் கடையில் பாக்கெட்டைக் கத்தரிக்க முடியாது. ஒரு பியூட்டேனுக்கு ஆறரை என்றால் இரண்டு பியூட்டேனுக்கு? பதிமூன்று. எல்லாவற்றையும் இரட்டிக்க வேண்டியதுதான்:

2C₄H₁₀ + 13O₂ → 8CO₂ + 10H₂O

இரட்டிக்கும்போது ஒன்றை மறந்துவிடுவது வழக்கமான விபத்து, பெரும்பாலும் பியூட்டேனுக்கு முன்னால் இருக்கும் எழுதாத 1-ஐ. எழுதாத எண் கண்ணில் படாது. அதனால் சமன்படுத்தும் வேலை நடக்கும்வரை 1-ஐயும் எழுதச் சொல்கிறேன், எல்லாம் முடிந்தபின் அதை நீக்கிக்கொள்ளலாம்.

கணக்குப்பிள்ளையின் நோட்டைப் பார்த்தாலே எந்தப் பிள்ளைக்கு எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிடும். இதுதான் இந்த முறையில் ஆசிரியருக்கு உள்ள பெரிய லாபம். 3H₂-க்கு எதிரே 5 என்று இருந்தால் முன் எண்ணையும் அடி எண்ணையும் கூட்டியிருக்கிறது. 4H₂O-வில் ஹைட்ரஜன் 8, ஆக்சிஜன் 1 என்று இருந்தால் முன் எண் பக்கத்தில் இருக்கும் எழுத்துக்கு மட்டும்தான் சேரும் என்று நினைக்கிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே, அந்தக் கவர்களைக் கட்டி மேசையில் வைத்து எண்ணச் சொல்வது. எண்கள் சரியாக இருந்தும் விடை தவறு என்றால், நடுவில் ஒரு மாற்றத்துக்குப் பிறகு திரும்ப எண்ணவில்லை என்று பொருள். என் கணக்கில், அடி எண்ணை மாற்றும் பழக்கம் போனபிறகு மிஞ்சும் தவறுகளில் பெரும்பகுதி இதுதான். CO₂-க்கு முன் 3 போட்ட பிள்ளை கார்பனை மாற்றி எழுதுகிறது, அதே சீட்டில் உட்கார்ந்திருக்கும் ஆக்சிஜனை மறந்துவிடுகிறது.

நான்காமவரை, அந்தப் பேசாத சரிபார்ப்பவரை, இதற்காகத்தான் வைத்திருக்கிறேன். அவர் கணக்குப்பிள்ளையின் பட்டியலைப் பார்க்கவே கூடாது. பட்டியலை மூடிவிட்டு, முடிந்த சமன்பாட்டை மட்டும் பார்த்து, வலப்பக்கத்திலிருந்து தொடங்கிப் புதிதாக எண்ணவேண்டும். அதே பட்டியலை மறுபடி பார்த்தால் அதே தவறைத்தான் மறுபடி 'சரி' என்போம். எண்ணியபின் இரண்டே கேள்வி. முதலில் எழுதிய வாய்ப்பாடுகளும் இப்போது இருப்பவையும் ஒன்றுதானா? முன் எண்கள் எல்லாவற்றையும் ஒரே எண்ணால் வகுக்க முடியுமா? தனியாகத் தேர்வெழுதும் பிள்ளை இந்த நான்காமவர் வேலையையும் தானே செய்துகொள்ளவேண்டும், எனவே பட்டியலை விரலால் மறைத்துக்கொண்டு எண்ணும் பழக்கத்தை இப்போதே உண்டாக்கிவிடுங்கள்.

நடுநடுவே ஏற்கெனவே சமமாக இருக்கும் சமன்பாடு ஒன்றையும் கலந்து கொடுங்கள். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றுவது நல்ல உதாரணம்: CaO + H₂O → Ca(OH)₂. இதில் எதுவும் மாற்றவேண்டாம் என்று துணிந்து எழுதும் பிள்ளை எண்ணிப் பார்த்திருக்கிறது. எங்காவது ஒரு 2-ஐச் செருகும் பிள்ளை சடங்குக்காகச் செய்துகொண்டிருக்கிறது.

அடைப்புக்குறி வரும் வாய்ப்பாடுகளில் பொத்தானைக் கொஞ்சம் வேறுமாதிரி பயன்படுத்தவேண்டும். அலுமினியம் சல்பேட்டும் பேரியம் குளோரைடும் வினைபுரியும்போது SO₄ உடையாமல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகிறது. அதை ஐந்து பொத்தானாக எண்ணாமல் ஒரே ஒரு பெரிய கோட் பொத்தானாக வைத்துக்கொண்டால் Al₂(SO₄)₃ + 3BaCl₂ → 2AlCl₃ + 3BaSO₄ இரண்டு நிமிட வேலை. ஆனால் இந்தக் குறுக்குவழியைப் பழக்கியவுடன் லெட் நைட்ரேட்டைச் சூடாக்கும் வினையைக் கொடுங்கள்: 2Pb(NO₃)₂ → 2PbO + 4NO₂ + O₂. இங்கே நைட்ரேட் உடைந்து போகிறது, வலப்பக்கத்தில் NO₃ என்று எதுவும் இல்லை. பெரிய பொத்தானை வைத்தால் அதை வைக்கச் சீட்டே கிடைக்காது. குழு இரண்டு பக்கமும் முழுசாக இருந்தால்தான் ஒன்றாக எண்ணலாம், இல்லையென்றால் பிரித்துத்தான் எண்ணவேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடும்.

பொத்தானை எப்போது எடுத்துவைப்பது என்பதற்குக் கறாரான பதில் என்னிடம் கிடையாது. நான் பார்க்கும் அடையாளம் இது: கவரைப் பிரிக்குமுன் "எத்தனை O₂ வாங்கணும்?" என்று கேட்டால் பிள்ளை சீட்டுகளைப் பார்த்துச் சரியாகச் சொல்லிவிட்டால் அதற்குப் பொத்தான் தேவையில்லை. சிலர் இரண்டாம் நாளே அங்கே வந்துவிடுவார்கள், அவர்களைத் தொடர்ந்து பொத்தான் அடுக்கவைத்தால் சலித்துப்போவார்கள், நோட்டில் கட்டமும் பட்டியலும் போட்டுத் தொடரவிடுங்கள். சிலருக்கு ஒரு வாரமாகும். இடையில் நோட்டில் வட்டம் வரைந்து செய்வது ஒரு நல்ல படி. பொத்தானிலிருந்து நேராக எழுத்துக்குத் தாவினால் பழைய பழக்கம் திரும்பி வருவதை நான் பார்த்திருக்கிறேன். இதெல்லாம் என் வகுப்புகளில் கண்டது, ஒப்பிட்டுச் செய்த ஆய்வின் முடிவு அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பொத்தான் சொல்லும் பொய்களும் உண்டு, அவற்றை நீங்களே முந்திக்கொண்டு வகுப்பில் சொல்லிவிடுவது நல்லது. கவரைப் பிரித்து, கொட்டி, அடுக்குகிறோம். உண்மையில் எல்லா அணுவும் முதலில் தனித்தனியாகச் சிதறி அப்புறம் சேர்வதாக நினைத்துவிடக் கூடாது, வினை நடக்கும் விதம் வேறு, நாம் பார்ப்பது முதலும் முடிவும் மட்டும். சாதாரண உப்பைக் கவரில் போட்டால் NaCl என்று தனி மூலக்கூறு ஒன்று இருப்பதுபோல் ஆகிவிடும். அதற்கு நான் கவர் கொடுப்பதில்லை, கட்டம்போட்ட தாளில் சோடியமும் குளோரினும் மாறிமாறி அடுக்கவைத்து, 1-க்கு 1 என்ற விகிதத்தைத்தான் எழுதுகிறோம் என்பேன். மெக்னீசியம், இரும்பு போன்ற உலோகங்களும் அப்படித்தான். அவை மட்டும் கடையில் சில்லறையாகக் கிடைக்கும், ஏனென்றால் பாக்கெட் என்று சொல்லும்படி அவற்றில் தனி மூலக்கூறு கிடையாது.

இன்னொரு குறை மின்சுமை. Cu + Ag⁺ → Cu²⁺ + Ag என்று எழுதினால் பொத்தான் கணக்கு சரியாகவே இருக்கும், தாமிரம் 1, 1. வெள்ளி 1, 1. ஆனால் இடப்பக்கம் ஒரு நேர்மின்சுமை, வலப்பக்கம் இரண்டு. பட்டியலில் தனிமங்களுக்கு அடியில் மின்சுமை என்று ஒரு வரி சேர்த்தால்தான் இது பிடிபடும். அப்போதுதான் Cu + 2Ag⁺ → Cu²⁺ + 2Ag என்று வரும். அயனிச் சமன்பாடு எடுக்காத வகுப்பில் இதைச் சொல்லிக் குழப்பவேண்டாம்.

பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் மாதிரியான வினைகளுக்கு டப்பாவை எடுக்கவே எடுக்காதீர்கள். அங்கே எலக்ட்ரான் கணக்குப் பார்க்காமல் தட்டித்தடவி விடைக்கு வருவது நேரவிரயம், அது பதினோராம் வகுப்பு வேலை. ஆனால் அங்கே போகும் பிள்ளையிடமும் அந்த நான்காமவர் பழக்கம் மட்டும் இருக்கட்டும். 2KMnO₄ + 16HCl → 2KCl + 2MnCl₂ + 8H₂O + 5Cl₂ என்று எழுதி முடித்ததும், மற்றதையெல்லாம் விரலால் மறைத்துக்கொண்டு வலப்பக்கத்துக் குளோரினை எண்ணவேண்டும்: இரண்டு, நான்கு, பத்து, மொத்தம் பதினாறு.